அறுக்காத வயலும் ஒரு பொங்கல் கடிதமும்

பள்ளியில் படித்த எல்லோரும் இந்தக் கடிதத்தை ஒரு முறையாவது எழுதியிருப்போம். "உங்கள் ஊரில் பொங்கல் விழா கொண்டாடப்படுவதைப் பற்றி வெளியூர் நண்பனுக்குக் கடிதம் எழுதுக." நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, முதல் நாள் போகி, இரண்டாம் நாள் பொங்கல், மூன்றாம் நாள் மாடு, நான்காம் நாள் உறவினர் வீடு என்று நான்கு வரி எழுதி, சூரியனுக்கு நன்றி சொல்லி, உன் வரவை எதிர்பார்க்கும் என்று முடித்துவிடுவோம். மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்தக் கடிதத்தைப் படிக்கிற ஒருவருக்குப் பொங்கலைப் பற்றி என்ன தெரியும் என்று யோசித்தால், ஒன்றும் தெரியாது. அதை எழுதிய பிள்ளை பொங்கல் பானையைக் கண்ணால் பார்த்திருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

இது எனக்குப் பல காலமாக இருக்கிற வருத்தம். இந்தப் பொங்கலுக்குத்தான் அது ஒரு வடிவத்துக்கு வந்தது. என் அண்ணன் மகளுக்குப் பத்து வயது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊரில் இருக்கிறாள். என் தோழி ஒருத்தி ஜப்பானில், நீகாட்டா என்ற பகுதியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் ஏறக்குறைய அதே வயது. இரண்டு பிள்ளைகளும் கடிதம் எழுதிக்கொண்டால் என்ன என்று நாங்கள் பேசிவைத்தோம். இவள் தமிழில் எழுதுவாள், என் தோழி அதை அந்தப் பெண்ணுக்கு ஜப்பானிய மொழியில் வாசித்துச் சொல்வாள். அந்தப் பெண் சொல்வதைத் தமிழில் எழுதி அனுப்புவாள். அதனால் வாக்கியங்கள் சின்னதாக இருக்க வேண்டும், ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம் போதும் என்பது மட்டும்தான் தோழி போட்ட நிபந்தனை.

நீகாட்டாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஜப்பானின் நெல் விளையும் பகுதிகளில் முக்கியமானது. அங்கே இலையுதிர் காலத் தொடக்கத்தில், செப்டம்பர் வாக்கில், அறுவடை. ஜனவரியில் வயல்மேல் பனி மூடிக் கிடக்கும். ஆக, நம் கடிதத்தைப் படிக்கப்போகும் பெண்ணுக்கு நெல் என்றால் என்ன, அறுவடை என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தப்பாக எழுதினால் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

"நம்ம வயலை இன்னும் அறுக்கவே இல்லையே?"

பொங்கல் முடிந்த வார இறுதியில் உட்கார்ந்தோம். அண்ணன் மகள் கிடுகிடுவென்று ஒரு பக்கம் எழுதிவிட்டாள். பள்ளியில் மனப்பாடமான கடிதம்தான். "பொங்கல் ஒரு அறுவடைத் திருநாள். உழவர்கள் அறுவடை முடிந்து, புது நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகிழ்ச்சியாகக் கொண்டாடுகிறார்கள்." இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். வாசலில் அவள் அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கிழக்கே மேகம் கட்டியிருந்தது. "அத்தை, நம்ம வயலை இன்னும் அறுக்கவே இல்லையே?" என்றாள்.

அவள் சொன்னது முழு உண்மை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். அந்தத் தண்ணீர் மேல்மடை ஊர்களைத் தாண்டிக் கடைமடைக்கு ஒழுங்காக வந்து சேர நாளாகும். எங்கள் பக்கம் பெரும்பாலும் சம்பா ஒரு போகம்தான். செப்டம்பர் முதல் வாரத்தில் நேரடியாக விதைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் போடுவது பொன்மணி. அதற்கு 155 நாள் வேண்டும். கணக்குப் போட்டால் பிப்ரவரி முதல் வாரத்தில்தான் அறுக்க முடியும். பொங்கல் அன்று வயல் பாதிப் பச்சையும் பாதி மஞ்சளுமாக, கதிர் தலை சாய்ந்து நிற்கும். நாங்கள் அறுவடைத் திருநாள் கொண்டாடுவது அறுவடைக்கு மூன்று வாரம் முன்னால்.

அந்த மூன்று வாரம்தான் வருஷத்திலேயே பயமான காலம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு அடங்க வேண்டும். சில வருஷம் அடங்காது. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டி மழை கொட்டியதை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பால் பிடித்து முற்றிய கதிர் கனமாக இருக்கும். அதன்மேல் மழை விழுந்தால் பயிர் அப்படியே சாயும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் சில நாளிலேயே நெல் கதிரிலேயே முளைவிடும். வயலுக்குள் இறங்கி ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்தால், வெள்ளையாக முளை நீட்டியிருக்கும். அதற்குமேல் அந்த நெல்லை வைத்து என்ன செய்ய முடியும்? முளைக்காமல் தப்பினாலும் ஈரம் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை கூடுதலான வருஷங்களில் அரசு கொஞ்சம் தளர்த்துவதுண்டு, ஆனால் அந்த உத்தரவு வரும்வரை நெல்லைக் குவித்து வைத்துக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே "அறுவடை முடிந்து மகிழ்ச்சியாக" என்ற வரி எங்கள் ஊருக்குப் பொருந்தாது. தன் வீட்டுக்குப் பொருந்தாத வரியை ஒரு பிள்ளை தோழிக்கு எழுதி அனுப்பக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கிறது, அதனால்தான் பேனா நின்றது. அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, நான் அவளிடம் வேறு மாதிரி கேட்டேன். "சரி, அறுக்கல. அப்போ பானைக்குள்ள போன அரிசி எங்கேருந்து வந்துச்சு?"

"அது குளத்தங்கரைத் துண்டு," என்றாள். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை.

குளத்தங்கரைத் துண்டு

பெரிய வயலுக்குப் பக்கத்தில், குளத்தங்கரையோரம் ஒரு குழி நிலத்தை அண்ணன் தனியாக வைத்திருக்கிறார். ஒரு குழி என்றால் பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி. அதில் மட்டும் ஆடுதுறை 39 விதைப்பார். அது சுமார் 125 நாளில் முற்றிவிடும். பெரிய வயலோடு சேர்த்து ஒரே வாரத்தில் விதைத்தாலும், இது ஜனவரி முதல் வாரத்திலேயே தயாராகிவிடும். எங்கள் அப்பா காலத்திலிருந்து வருகிற ஏற்பாடு இது. அப்போது வேறு ரகம் போட்டார்கள். பொங்கல் பானைக்குப் புது அரிசி வேண்டும், பெரிய வயல் ஒத்துழைக்காது, அதற்காகத்தான் இந்தத் துண்டு.

அந்த இடத்தில் நன்றாக விளைந்தால் ஆறேழு கிலோ நெல் கிடைக்கும். அரிவாளால்தான் அறுப்பார்கள், அந்த இடத்துக்கு மெஷின் எதற்கு? கட்டைக் கல்லில் அடித்து, பாயில் பரப்பி இரண்டு நாள் காயவைப்பார்கள். காய்ந்ததா என்று பார்க்க என் அம்மா, அதாவது பிள்ளையின் அப்பாயி, ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் சரி. நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். பானைக்கு வேண்டிய அளவை மட்டும் உரலில் குத்தி, முறத்தில் புடைத்து எடுப்பார். மீதி நெல் மில்லுக்குப் போய் அரிசியாகிச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போகும்.

புது அரிசியில் சமைப்பதும் பழைய அரிசியில் சமைப்பதும் ஒன்றல்ல. தினசரிச் சோற்றுக்கு யாரும் புது அரிசியை விரும்புவதில்லை. குழைந்துபோகும், பருக்கை பருக்கையாக நிற்காது. அதனால்தான் நெல்லைச் சில மாதமாவது கிடப்பில் போட்டு அப்புறம் அரைப்பார்கள். ஆனால் பொங்கலுக்கு அந்தக் குழைவுதான் வேண்டும். தண்ணீரும் குறைவாகப் போதும். பழைய பச்சரிசிக்கு ஒன்றுக்கு ஐந்து பங்கு வைக்கிற இடத்தில் இதற்கு நான்கு பங்கு, அதையும் பார்த்துப் பார்த்துத்தான் விட வேண்டும்.

இவ்வளவும் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அவள் பாயைச் சுற்றிக் கோழி விரட்டியவள், முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உமி ஊதியவள். பள்ளிக் கடிதம் இதையெல்லாம் அவளிடம் கேட்கவே இல்லை. நான்கு நாளையும் எழுத வேண்டாம், ஒரு பானையை மட்டும் எழுது, நீ பார்த்த வரிசையில் எழுது என்று சொன்னேன். எளிமையாக எழுதுவதற்கு அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால் பத்து வயதுப் பிள்ளையின் வாக்கியம் தானாகவே சின்னதாகிவிடும். மகிழ்ச்சி, நன்றி, பண்பாடு மாதிரி சொற்களால் நிரப்பப் பார்க்கும்போதுதான் அது சிக்கலாகிறது.

சில இடங்களில் நாங்கள் இருவரும் நின்று யோசித்தோம். வெல்லம் எப்போது போடுவது என்பதை அவள் முதலில் எழுதவில்லை. சர்க்கரைப் பொங்கல் கெடுவது அந்த இடத்தில்தான் என்பதால் அதைச் சேர்க்கச் சொன்னேன். அரிசி வேகும் முன்னால் வெல்லம் விழுந்தால், வெல்லம் தண்ணீரைத் தன்பக்கம் பிடித்துக்கொள்ளும். அரிசி பாதியில் நின்றுவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் எரித்தாலும் நடுவில் ஒரு கடினம் இருக்கும், அடி மட்டும் பிடிக்கும். பானையில் பால் நீர்க்க நிற்கும்போதே கொதிக்கக் கொதிக்க வெல்லத்தைக் கொட்டினால் பால் திரியவும் செய்யும். அரிசி பாலை முழுக்க உள்வாங்கி, விரலில் வைத்து நசுக்கினால் மாவாகப் பரவ வேண்டும். தீயைத் தணித்துவிட்டு, அதற்கப்புறம்தான் கரைத்து வடிகட்டிய வெல்லம். வடிகட்டாமல் விட்டால் மண் பல்லில் கடிபடும்.

அவளுடைய கடிதம் இதுதான். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் ஊரில் இப்போது பனி பெய்கிறது என்று அத்தையின் தோழி சொன்னார். எங்கள் ஊரில் பனி காலையில் புல்மேல் மட்டும் இருக்கும். வெயில் வந்தால் போய்விடும்.

போன வாரம் எங்கள் வீட்டில் பொங்கல். நாங்கள் வெளியே முற்றத்தில் சமைத்தோம். அம்மா விடியும் முன்பே கோலம் போட்டார். அப்பா மூன்று செங்கல் வைத்து அடுப்பு செய்தார். எரிக்கத் தென்னை மட்டை வைத்தோம். புது மண்பானையை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்தோம். ஊறவைக்காவிட்டால் தீயில் வெடித்துவிடும். பானையின் கழுத்தில் மஞ்சள் செடியும் இஞ்சிச் செடியும் கட்டினோம். வேரோடு கட்ட வேண்டும்.

அரிசி அரைக் கிலோ. அது எங்கள் குளத்தங்கரையில் விளைந்தது. அப்பாயி உரலில் குத்தினார். நானும் குத்தினேன். எனக்கு உலக்கை கனமாக இருந்தது. அரிசி நிறைய உடைந்துபோனது. அப்பாயி திட்டவில்லை. பொங்கலுக்கு உடைந்தாலும் நல்லதுதான் என்று சொன்னார்.

அரிசியை இரண்டு முறை கழுவினோம். முதல் தண்ணீரைக் கீழே ஊற்றினோம். இரண்டாவது தண்ணீரைப் பானையில் ஊற்றினோம். அதோடு அரை லிட்டர் பால் ஊற்றினோம். பானை கழுத்துவரை இருந்தது. எல்லோரும் சுற்றி நின்றோம். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஓரத்தில் சின்னக் குமிழி வந்தது. அப்புறம் நுரை வந்தது. நுரை மேலே மேலே வந்து வெளியே வழிந்தது. நாங்கள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். தம்பி தட்டைக் கரண்டியால் அடித்தான். நாய் பயந்து ஓடிவிட்டது.

அப்பாயி கொஞ்சம் தண்ணீரை மொண்டு வேறு பாத்திரத்தில் வைத்தார். அப்புறம் அரிசி போட்டோம். முதலில் அப்பாயி மூன்று கை போட்டார். அடுத்து அப்பா, அம்மா, நான், தம்பி. வறுத்த பாசிப்பருப்பும் போட்டோம். தண்ணீர் குறைந்தபோது மொண்டு வைத்ததை மறுபடி ஊற்றினோம். அப்பாயி அரிசியை விரலால் நசுக்கிப் பார்த்தார். நன்றாக நசுங்கிய பிறகு தீயைக் குறைத்தார். அப்புறம் வெல்லம் போட்டார். வெல்லம் முக்கால் கிலோ. முன்னாடியே போட்டால் அரிசி வேகாது. கடைசியில் நெய், முந்திரி, ஏலக்காய்.

முதலில் வாழை இலையில் வைத்துச் சூரியனுக்குக் காட்டினோம். பக்கத்தில் கரும்பு வைத்தோம். அப்புறம் நாங்கள் சாப்பிட்டோம். அடுத்த நாள் மாட்டுக்கும் பொங்கல் கொடுத்தோம்.

எங்கள் பெரிய வயலை இன்னும் அறுக்கவில்லை. அது அடுத்த மாதம். இன்று மேகமாக இருக்கிறது. மழை பெய்தால் கதிர் சாய்ந்துவிடும். அப்பா இரவில் எழுந்து எழுந்து வெளியே பார்க்கிறார். நானும் ஒரு தடவை எழுந்து பார்த்தேன்.

உங்கள் ஊரில் அறுவடை முடிந்தால் என்ன செய்வீர்கள்? எழுது.

இப்படிக்கு,
உன் தோழி

நான் சேர்க்கச் சொல்லாத வரி

கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தி முழுக்க அவளுடையது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைப் படித்துவிட்டு அண்ணி, "இதெல்லாம் எதுக்கு எழுதணும், நல்ல நாளைப் பத்தி எழுதும்போது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைக்கு நம் வீட்டுக் கவலையை ஏன் சொல்ல வேண்டும்? ஆனாலும் அதை எடுத்துவிட்டால் பொங்கல் எதற்கு என்பதே அந்தக் கடிதத்தில் இருக்காது என்று நான் சொன்னேன். முற்றத்தில் பானை பொங்கும்போது எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்கிறார்களே, அப்போது வயலில் நிற்கிற பயிருக்கு வேண்டியது வெயில். வீட்டுக்கு வந்துவிட்ட நெல்லுக்காக மட்டும் சூரியனைக் கும்பிடுகிறோம் என்று எங்கள் ஊரில் சொல்ல முடியாது. இன்னும் மூன்று வாரம் காய வேண்டும் என்று கேட்டுக்கொள்வதும் அதில் சேர்ந்திருக்கிறது. மேல்மடையில், முன்பட்ட சம்பா போட்ட இடங்களில், பொங்கலுக்குள் அறுத்துவிடுபவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளை வேறு கடிதம் எழுதட்டும். ஊருக்கு ஊர் பொங்கல் வேறுதான், அது கடிதத்தில் தெரிவதுதான் நியாயம்.

அண்ணி அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தோடு நாலைந்து நெல்மணியை வைத்து அனுப்ப வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டாள். விதை, தானியம் எதையும் அப்படிக் கடிதத்தில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, பயிர்நோய் பரவும் என்று அங்கே தடுத்துவிடுவார்கள். அதனால் கதிர் ஒன்றைப் பார்த்துப் படம் வரைந்து வைத்தாள்.

பதில்

மாசி பாதியில் பதில் வந்தது. அந்தப் பெண்ணின் பாட்டி வீட்டிலும் வயல் இருக்கிறதாம். புது அரிசி வந்தால் அவர்களும் தண்ணீரைக் குறைத்துத்தான் வைப்பார்களாம், அதை முதல் தடவை சாப்பிடும்போது தொட்டுக்கொள்ள அதிகம் எதுவும் வைக்காமல் சோற்றை மட்டும் ருசித்துப் பார்ப்பார்களாம். அரிசியில் அவ்வளவு வெல்லம் போடுவதை அவளால் நம்ப முடியவில்லை. பிறகு இரண்டு கேள்வி கேட்டிருந்தாள். மழை பெய்ததா? பானை பொங்காமல் போனால் என்ன செய்வீர்கள்?

முதல் கேள்விக்குப் பிள்ளையே பதில் எழுதிவிட்டாள். அன்று இரவு தூறல் மட்டும் போட்டது. பிப்ரவரியில் அறுத்தோம். காலையில் கதிரில் பனி ஈரம் இருந்ததால் பத்து மணிக்கு மேல்தான் மெஷின் இறங்கியது. தரை இன்னும் கொஞ்சம் சேறாக இருந்ததால் பெல்ட் வைத்த மெஷின். மேற்குப் பக்கம் ஒரு மூலையில் கதிர் சாய்ந்திருந்தது, அங்கே மட்டும் கையால் அறுத்தார்கள்.

இரண்டாவது கேள்வியை அப்பாயியிடம் கேட்டாள். என் அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பானையைக் குறைச்சு ஊத்தினாத்தான் அப்படி ஆகும். கழுத்துக்கு ரெண்டு விரல் கீழ வரைக்கும் இருக்கணும். எறங்கிப் போச்சுன்னா இன்னும் கொஞ்சம் பால் விட்டு, மட்டையைச் சேர்த்து வைக்கணும். வாய் அகலமான பானையா வாங்கக் கூடாது, நுரை பரவிப் படுத்துடும்." இதை அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறாள். அகலமான பானையையும் ஒடுங்கிய பானையையும் பக்கத்தில் பக்கத்தில் படம் போட்டு, எது சரி என்று அம்புக்குறி போட்டிருக்கிறாள்.